பிரிவு 45-இலிருந்து 21ஏ வரை: ஒரு வாக்கியத்தின் பயணம்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் அடிப்படை உரிமைகளையும் அரசு நெறிமுறைக் கோட்பாடுகளையும் ஒரு தாளை நடுவே மடித்து இரண்டு பத்தியாக எழுதிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் பகுதி 3, அந்தப் பக்கம் பகுதி 4. அட்டவணை மனப்பாடமாகிவிடும். ஆனால் குழந்தைகளைப் பற்றிய நான்கு கூற்றுகளைக் கொடுத்து எவை அடிப்படை உரிமைகள் என்று கேட்டால் அது கைகொடுக்காது. குழந்தைகள் இரண்டு பகுதியிலும் இருக்கிறார்கள். கல்வியும் உழைப்பும் அப்படியே. பொருளை வைத்துப் பிரித்தால் தடுமாற்றம்தான். பிரிக்கும் கோடு எங்கே போடப்பட்டது, ஏன் அங்கே போடப்பட்டது என்று தெரிய வேண்டும். அதற்கு, அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட ஒரு வாக்கியத்தின் பின்னால் போய்ப் பார்ப்பதே நல்ல வழி. குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்பதுதான் அந்த வாக்கியம்.

கோரிக்கை பழையது. கோபாலகிருஷ்ண கோகலே 1911-இல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் மசோதாவைப் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்ட மன்றத்தில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது 13-க்கு 38 என்ற வாக்கில் தோற்றது. பணம் எங்கிருந்து வரும் என்பது அப்போதைய முக்கியமான தடைக் கேள்விகளில் ஒன்று. அரசியல் நிர்ணய சபை கூடியபோது அதே கேள்வி வேறு உருவில் வந்தது.

1947-இன் தொடக்க மாதங்களில் அடிப்படை உரிமைகளுக்கான துணைக் குழு ஜே.பி. கிருபளானியின் தலைமையில் வேலை செய்தது. உரிமைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் முன்வைத்திருந்தார். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிலைநாட்டக்கூடியவை ஒரு வகை, அரசின் கொள்கைக்கு வழிகாட்டுபவை இன்னொரு வகை. 1937-ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பில் இதற்கு முன்மாதிரி இருந்தது. துணைக் குழு தொடக்கக் கல்வியை முதல் வகையில்தான் வைத்தது. அதாவது, நம் வாக்கியம் பிறந்தது உரிமைகளின் பக்கத்தில்.

அங்கே அது நீண்ட நாள் இருக்கவில்லை. அந்த ஏப்ரலில் ஆலோசனைக் குழு பட்டியலைப் பரிசீலித்தபோது, பள்ளிக்கூடம் கட்டப் பணமில்லாத அரசின் மீது ஒரு குடிமகன் வழக்குத் தொடுத்தால் நீதிமன்றம் என்ன உத்தரவு போடும் என்ற ஐயம் எழுந்தது. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் இதை நிலைநாட்டத்தக்க உரிமையாக வைப்பதை ஏற்கவில்லை. வாக்கியம் இரண்டாவது பட்டியலுக்குப் போனது. கல்வி முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது போனதற்குக் காரணம், ஒரு தனி மனிதர் கேட்டால் நீதிபதி உத்தரவிட முடியுமா என்ற ஒரே கேள்வி. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே உள்ள கோடு அந்தக் கேள்விதான்.

அடுத்த நிறுத்தம் 1948 நவம்பர் 23. அப்போது அது வரைவுப் பிரிவு 36. ஒவ்வொரு குடிமகனும் கட்டணமில்லாத் தொடக்கக் கல்விக்கு உரியவர் என்று முதலில் சொல்லிவிட்டு, 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வழங்க அரசு பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்று அடுத்துச் சொன்னது. லட்சுமி காந்த மைத்ரா எழுந்து, முதல் பாதியை நீக்கும்படி திருத்தம் கொண்டுவந்தார். நெறிமுறைகளின் பகுதியில் இருந்துகொண்டு, குடிமகன் உரியவர் என்று பேசினால் அது உரிமைபோல ஒலிக்கிறது, மற்ற நெறிமுறைகள் எல்லாம் அரசைப் பார்த்தல்லவா பேசுகின்றன என்பது அவர் வாதம். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். பழைய இடத்தின் அடையாளம் அன்றோடு அழிந்தது.

அதே நாளில் இன்னொரு திருத்தமும் வந்தது. கல்வி என்று பொதுவாகச் சொல்லாமல் தொடக்கக் கல்வி என்று சுருக்கலாம் என்றார் நசிருதீன் அகமது. அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வரைவுப் பிரிவு 18 சொல்கிறதே, அப்படித் தடுக்கப்பட்ட குழந்தை அந்த வயதுவரை ஒரு கல்விக்கூடத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்டார். இந்தப் பதிலைத் தேர்வர்கள் மறக்கக் கூடாது. வரைவுப் பிரிவு 18 இன்று பிரிவு 24. தொழிற்சாலை, சுரங்கம், ஆபத்தான வேலை ஆகியவற்றில் குழந்தைகளை அமர்த்தத் தடை விதிக்கும் அது ஓர் அடிப்படை உரிமை. அதற்குத் துணையாக நின்ற கல்வி வாக்கியம் பிரிவு 45 என்ற எண்ணோடு நெறிமுறைக் கோட்பாடு ஆனது. இரண்டிலும் அதே 14 வயது, அதே குழந்தை. தொழிற்சாலைக்குள் விடாதே என்று சொல்ல நீதிமன்றத்துக்கு ஒரு தாள் போதும். பள்ளிக்குள் சேர் என்று சொன்னால் கட்டடமும் ஆசிரியரும் வேண்டும்.

1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது பிரிவு 37 எல்லா நெறிமுறைகளுக்கும் சேர்த்து மூன்று செய்திகளைச் சொன்னது. இவற்றை எந்த நீதிமன்றத்தாலும் நிலைநாட்ட முடியாது. ஆனாலும் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படையானவை. சட்டம் இயற்றும்போது இவற்றைக் கைக்கொள்வது அரசின் கடமை. தேர்வில் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் திருகித்தான் தவறான கூற்றை உருவாக்குவார்கள். ‘அடிப்படையானவை’ என்ற சொல்லைப் பார்த்ததும் உரிமை என்று நினைப்பவர்கள் உண்டு. ‘கடமை’ என்பதைப் பார்த்ததும் பகுதி 4ஏ-இன் அடிப்படைக் கடமை என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் செய்தியோடு சேர்த்துப் படித்தால் இரண்டு குழப்பமும் வராது.

மறு ஆண்டே நெறிமுறைக்கும் உரிமைக்கும் மோதல் வந்துவிட்டது, அதுவும் நம் சென்னையில். மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணைப்படி, 14 இடங்கள் கொண்ட ஒவ்வொரு தொகுப்பிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று இருந்தது. சென்னை மாகாண அரசு, நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணச் சொல்லும் பிரிவு 46-ஐத் துணைக்கு அழைத்தது. எதிர்த் தரப்பு பிரிவு 29-இன் இரண்டாம் உட்பிரிவைக் காட்டியது. சம்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம், பகுதி 4 பகுதி 3-க்கு அடங்கித்தான் ஓட வேண்டும் என்று சொல்லி அரசாணையைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, பிரிவு 15-இல் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோர் முன்னேற்றம் என்ற ஒரே பொருள் பிரிவு 46-இல் நெறிமுறையாகவும், 15-இன் நான்காம் உட்பிரிவில் பகுதி 3-க்குள் அரசுக்கு வழிவிடும் ஏற்பாடாகவும் இருப்பது இந்த வரலாற்றால்தான். அடங்கித்தான் ஓட வேண்டும் என்ற நிலை பின்னாளில் மெல்ல மாறியது. 1980-இன் மினர்வா மில்ஸ் தீர்ப்பில் இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான சமநிலையே அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்றானது. ஆனால், நெறிமுறையை மீறியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சட்டம் செல்லாது என்று அறிவிக்க முடியாது என்பது அன்றும் இன்றும் மாறவில்லை.

பிரிவு 45-க்குத் திரும்புவோம். நெறிமுறைகளில் காலக்கெடு பெற்றிருந்தது அது ஒன்றுதான். பத்தாண்டு 1960 ஜனவரி 26-இல் முடிந்தது. நாட்டின் பெரும் பகுதியில் பள்ளி சேராத குழந்தைகள் இருந்துகொண்டே இருந்தார்கள். கெடு தவறியதற்காக எந்தத் தந்தையாலும் எந்தத் தாயாலும் நீதிமன்றம் போக முடியவில்லை. பிரிவு 37 வாசலில் நின்றது. நெறிமுறைக் கோட்பாடு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தேதி குறித்துக் கொடுத்த வாக்குறுதிகூட அந்தப் பகுதியில் இருந்தால் மனுவாக மாறாது.

பிறகு முப்பது ஆண்டு போனது. வாக்கியம் கோட்டைக் கடக்க உதவியது ஒரு பள்ளிக் குழந்தையின் வழக்காக இருந்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும். நடந்ததோ, மருத்துவக் கல்லூரிக் கட்டண வழக்கு. கர்நாடகத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், அம்மாநிலத்தின் மற்ற மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000 என்று இருந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து விண்ணப்பித்த மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில், 1992-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், கல்வி உரிமை பிரிவு 21-இன் உயிர்வாழும் உரிமையிலிருந்தே கிளம்புகிறது என்றார்கள். எந்த வகுப்புவரை என்ற எல்லை சொல்லப்படவில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களின் தனியார் கல்லூரிகள் இதை எதிர்க்க, 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு எல்லை வகுத்தது. 14 வயது நிறையும்வரை ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாக் கல்வி அடிப்படை உரிமை. அதற்கு மேல் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டது. 14 என்ற எண் பிரிவு 45-இலிருந்தும், பொருளாதார வசதி என்ற வரம்பு பிரிவு 41-இலிருந்தும் எடுக்கப்பட்டவை.

இங்கே ஒரு நுட்பம். பிரிவு 45 அன்று அடிப்படை உரிமையாகிவிடவில்லை. அது பகுதி 4-இலேயே இருந்தது. நீதிமன்றம் பிரிவு 21-க்குப் பொருள் சொல்லும்போது பிரிவு 45-இன் வெளிச்சத்தில் சொன்னது. உரிமை 21-இல் இருந்து வந்தது, அளவு 45-இல் இருந்து வந்தது. இலவச சட்ட உதவிக்கும் இதே நிலைதான். பிரிவு 39ஏ நெறிமுறை, ஆனால் ஏழைக் கைதிக்கு வழக்கறிஞர் கிடைப்பது பிரிவு 21-இன் கீழ் உரிமை என்று 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ‘பிரிவு 39ஏ ஓர் அடிப்படை உரிமை’ என்ற கூற்று தவறு. ‘இலவச சட்ட உதவி பிரிவு 21-இல் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் கருதியுள்ளது’ என்ற கூற்று சரி. வினாத்தாள் கேட்பது பிரிவு இருக்கும் இடத்தையா, நீதிமன்றம் தந்த பொருளையா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கடைசிக் கட்டம் நாடாளுமன்றத்தில். 2002-இன் 86-ஆவது திருத்தம் பழைய வாக்கியத்தை மூன்றாகப் பிரித்தது. 6 முதல் 14 வயதுவரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை அரசு வழங்கும் என்பது பிரிவு 21ஏ ஆகப் பகுதி 3-க்குப் போனது. பிரிவு 45-இல் புதிய வாசகம் உட்கார்ந்தது: 6 வயது நிறையும்வரை குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலும். 6 முதல் 14 வயதுள்ள குழந்தைக்குக் கல்வி வாய்ப்புத் தருவது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கடமை என்பது 51ஏ-இல் பதினோராவது கடமையாகச் சேர்ந்தது. திருத்தம் 2002-ஆம் ஆண்டுடையது என்றாலும் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-இல், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு சேர்ந்துதான். ‘2002 முதல் கல்வி அடிப்படை உரிமையாக நடைமுறையில் உள்ளது’ என்று ஒரு கூற்று வந்தால், 21ஏ-ஐப் பொறுத்தவரை அது தவறு.

உரிமையான பிறகு வாக்கியத்தின் நடை மாறிவிட்டது. 1951-இல் நெறிமுறை உரிமையிடம் தோற்றது. 2014-இன் பிரமதி வழக்கில் சிறுபான்மைப் பள்ளிகளின் நிர்வாக உரிமையைத் தரும் பிரிவு 30-உம் 21ஏ-உம் நேருக்கு நேர் நின்றன. 21ஏ செல்லும் என்ற நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்த்தது. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இப்போது மோதல் உரிமைக்கும் உரிமைக்கும் என்பது தெரிகிறது.

இனி, இந்தப் பயணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். ‘பின்வருவனவற்றில் எத்தனை அடிப்படை உரிமைகள்’ என்று கேட்கும் பாணியில், குழந்தைகளைப் பற்றி ஐந்து கூற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். 14 வயதுக்குக் குறைந்தவரைச் சுரங்கத்தில் அமர்த்தக் கூடாது. பிஞ்சு வயதினர் சுரண்டப்படாதவாறு அரசு தன் கொள்கையைச் செலுத்த வேண்டும். 6 முதல் 14 வயதினருக்கு அரசு கட்டணமில்லாக் கல்வி வழங்கும். 6 வயது நிறையும்வரை பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலும். தொடக்க நிலையில் சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கற்பிப்புக்கு வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் முதல் சூத்திரம், தடுப்பது உரிமை, செய்யச் சொல்வது நெறிமுறை என்பது. அதை நம்பினால் முதல் கூற்று ஒன்றுதான் உரிமை என்று முடிவாகும். மூன்றாவது தவறிப்போகும், ஏனென்றால் 21ஏ அரசைச் செய்யச் சொல்லும் உரிமை. இரண்டாவது சூத்திரம், ‘முயலும்’ என்று வந்தால் நெறிமுறை என்பது. அது இரண்டாவது கூற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஊராட்சிகளை அமைக்க நடவடிக்கை எடுக்கச் சொல்லும் பிரிவு 40-இலும், நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும் பிரிவு 50-இலும் அந்தச் சொல் கிடையாது. ஐந்தாவது கூற்றில் ‘முயல வேண்டும்’ இருந்தும் அது பகுதி 4-இல் இல்லை. அது 1956-இல் சேர்ந்த பிரிவு 350ஏ, மொழிகளைப் பற்றிய பகுதி 17-இல் இருக்கிறது.

1947-இல் அந்தக் குழு கேட்ட கேள்வியைக் கேட்டால் விடை நேராக வரும். இந்தக் கூற்றில் ஒரு குறிப்பிட்ட குழந்தை இது எனக்கு மறுக்கப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போக முடியுமா? சுரங்கத்தில் வேலை செய்யும் 12 வயதுச் சிறுவன் போகலாம். அரசின் கொள்கை சரியாகச் செலுத்தப்படவில்லை என்பதை மட்டும் வைத்து எவரும் போக முடியாது. பள்ளி மறுக்கப்பட்ட 7 வயதுச் சிறுமி போகலாம். நான்கு வயதுக் குழந்தையால் பிரிவு 45-ஐக் காட்டிப் போக முடியாது. 350ஏ பகுதி 3-இல் இல்லை. ஆக இரண்டு. முதலாவதும் மூன்றாவதும்.

அந்த நான்கு வயதுக் குழந்தையிடம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு 14 வயதுவரை என்றபோது கீழ் எல்லை எதையும் வகுக்கவில்லை. 86-ஆவது திருத்தம் 6 என்ற எண்ணை எழுதி, அதற்குக் கீழே உள்ளவர்களைத் திரும்பவும் ‘முயலும்’ என்ற பக்கத்துக்கு அனுப்பிவிட்டது. வெற்றி என்று கொண்டாடப்படும் திருத்தத்துக்குள் இந்த இழப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் பாடம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இடையில் மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி தனியார் பள்ளி மழலையர் வகுப்பு நடத்தினால் அங்கேயும் 25 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்கேஜியில் இந்தச் சேர்க்கை நடப்பது அதனால்தான். அங்கன்வாடிக் குழந்தைக்கு உணவு 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சட்ட உரிமை. இவை நாடாளுமன்றத்தின் சட்டம் தந்தவை. சட்டத்தைத் திருத்தினால் மாறக்கூடியவை, 21ஏ-இன் காவல் இல்லாதவை. எனவே ‘ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கல்வியில் எந்த உரிமையும் இல்லை’ என்ற கூற்றும் தவறு, ‘அடிப்படை உரிமை உண்டு’ என்ற கூற்றும் தவறு. இந்த வயதினரின் நலனையும் அடிப்படை உரிமையாக்கப் பகுதி 3-இல் புதிய பிரிவு சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 259-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதற்கான திருத்தம் இன்னும் வரவில்லை.